இருபத்தாறா, பதினெட்டா? வட்சப்பில் சுற்றிய அந்த அட்டவணை பற்றி

கொஞ்சம் நீளமான பதிவு. வீதி அகலிப்பில் காணி போகிறவர்கள் மட்டுமாவது கடைசி வரை வாசியுங்கள்.

பிரதான வீதி அகலிப்புக்காக நமது பக்கத்தில் காணி சுவீகரிக்கும் அறிவித்தல் ஜூன் 3ஆம் திகதி ஒட்டப்பட்டது. அன்று பின்னேரமே ஒரு "சுருக்க அட்டவணை" எல்லாக் குழுமங்களிலும் வந்துவிட்டது. பச்சை நிறத்தில், மூன்றே மூன்று வரி. திகதி: ஜூன் 26. நேரம்: காலை 9.30. கொண்டுவர வேண்டியவை: உறுதி, வரைபடம், அடையாள அட்டை. கீழே, "காணிச் சொந்தக்காரர்கள் தவறாமல் சமூகமளிக்கவும், மற்றவர்களுக்கும் பகிரவும்." எல்லோரும் பகிர்ந்தார்கள். நாங்களும் வாசிக்காமலே பகிர்ந்தோம். அந்தக் குற்றத்தில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது என்பதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறோம்.

ஜூன் 20ஆம் திகதி, பாடசாலை முடிந்து நாங்கள் நாலு பேர் ஆசிரியர் அறையில் இருந்தபோது ஒரு காக்கா வந்தார். வீதியோரம் அவருடைய வாப்பா விட்டுப்போன வளவு. கையில் அசல் அறிவித்தல், உள்ளே மடித்து வைத்த உறுதி.

"சேர்மார், இந்தக் கடிதத்தில 18ஆம் திகதியெண்டும் ஒண்டு கிடக்கு. அது என்ன?"

வாசித்தோம். அது என்னவென்று விளங்கியபோது அந்தத் திகதி போய் இரண்டு நாளாகியிருந்தது.

அந்த அறிவித்தல் 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க காணி சுவீகரிப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவின் கீழ் வந்தது. அதில் பொதுமக்கள் செய்ய வேண்டிய எல்லாமே ஒரே ஒரு நீண்ட வசனத்துக்குள் அடைக்கப்பட்டிருக்கும். அந்த வசனம் முதலில் இன்ன நாளில், இன்ன நேரத்தில், நேரிலோ எழுத்து மூலம் அதிகாரம் பெற்ற முகவர் மூலமோ என் முன் தோன்ற வேண்டும் என்று சொல்லும். பிறகுதான், மூச்சு வாங்கிக்கொண்டு, அதற்கு முந்திய இன்னொரு திகதியன்றோ அதற்கு முன்போ உங்கள் உரிமை பற்றிய விபரங்களை இரண்டு பிரதிகளில் எழுதி எனக்கு அறிவிக்க வேண்டும் என்று சொல்லும். வசனத்தில் முதலில் வருவது 26. நாட்காட்டியில் முதலில் வருவது 18. அட்டவணை போட்டவர் வசனத்தின் முதற் பாதியை எடுத்துக்கொண்டு, மற்றப் பாதியை "அதே விசயந்தான்" என்று விட்டுவிட்டார்.

அது அதே விசயம் இல்லை. சட்டம் கேட்பது இதுதான்: விசாரணைத் திகதிக்குக் குறைந்தது ஏழு நாட்களுக்கு முன் எழுத்தில் கொடுக்க வேண்டும். அந்த எழுத்தில் நாலு விடயங்கள் இருக்க வேண்டும். காணியில் உங்களுக்குள்ள உரிமை எத்தகையது, நட்டஈட்டுக் கோரிக்கையின் விபரம், கேட்கும் தொகை, அந்தத் தொகையை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்பது. உறுதியின் போட்டோப் பிரதி இந்த நாலில் முதலாவதற்கு மட்டுந்தான் உதவும். மற்ற மூன்றையும் நீங்களே உட்கார்ந்து எழுதத்தான் வேண்டும்.

பிந்திக் கொடுத்தால் ஏற்கவே மாட்டார்களா என்று கேட்கிறார்கள். நல்ல அதிகாரி ஏற்கலாம். ஆனால் 18ஆம் திகதி கொடுத்திருந்தால் அது உங்கள் உரிமை. 20ஆம் திகதி கொண்டுபோனால் "தயவு செய்து" என்று கேட்க வேண்டும். அட்டவணை போட்டவர் காக்காவை அந்த இடத்தில்தான் கொண்டுபோய் நிறுத்தினார்.

இதை எழுதியதும் சிலர் எங்களுக்குச் சொல்வது தெரியும்: "சட்டக் கடிதத்தைச் சுருக்கவே கூடாது, லோயரிடம் போகட்டும்." அதற்கும் நாங்கள் உடன்படவில்லை. ஆறு பேர்ச்சஸ் போகிற எல்லோரும் லோயரிடம் போவதில்லை. போகிறவர்களும் 25ஆம் திகதி இரவுதான் போகிறார்கள், ஏனென்றால் அவர்கள் கையில் இருக்கும் அட்டவணையில் 26 என்று இருக்கிறது. சுருக்கத்தான் வேண்டும். எங்கள் சண்டை எதைக் கழிக்கிறோம் என்பது பற்றியது. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்குச் சுருக்கம் எழுதப் படிப்பிக்கும்போது "மூன்றிலொரு பங்காக்கு" என்கிறோம். அறிவித்தலை அப்படிச் சுருக்கினால் கையில் மிஞ்சுவது இந்தப் பச்சை அட்டவணைதான். அறிவித்தலில் கழிக்கக்கூடியது மரியாதைச் சொற்களும் சட்டப் பெயர்களின் திரும்பத் திரும்ப வரும் பகுதிகளும். வினைச்சொல் ஒன்றும் கழிபடக் கூடாது. "தோன்ற வேண்டும்" ஒரு வினை, "அறிவிக்க வேண்டும்" இன்னொரு வினை. இரண்டு வினைக்கு இரண்டு வரி.

அன்று அந்த மேசையிலேயே நாங்கள் திரும்ப எழுதினோம். இதுதான் அது:

ஜூன் 18 அல்லது அதற்கு முன் | காணியில் உரிமையுள்ள ஒவ்வொருவரும் | உரிமை, கோரிக்கை, தொகை, கணக்கு ஆகிய நாலையும் எழுதி இரண்டு பிரதி கொடுக்க வேண்டும் | பிரதேச செயலகம், சுவீகரிக்கும் உத்தியோகத்தர்

ஜூன் 26, காலை 9.30 | அதே ஆட்கள், அல்லது எழுத்தில் அதிகாரம் பெற்ற முகவர் | விசாரணைக்குத் தோன்ற வேண்டும், அசல் உறுதியுடன் | அதே இடம்

நட்டஈட்டுத் தீர்மானம் கையில் கிடைத்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் | தொகை போதாது என்பவர் | மேன்முறையீடு | மீளாய்வுச் சபை

மூன்றே வரிதான். பச்சை அட்டவணையும் மூன்று வரிதான். ஆக, நீளம் ஒரு சாட்டு இல்லை.

மூன்றாவது வரி அறிவித்தலில் இல்லை, சட்டத்திலிருந்து நாங்கள் சேர்த்தது. சேர்த்ததற்குக் காரணம் உண்டு. "21 நாள் இருக்கு, அவசரமில்லை" என்று ஒரு கதை ஊரில் ஓடியது. சட்டத்தில் வரும் 21களில் இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, அறிவித்தல் காணியில் முதலில் ஒட்டப்பட்டதிலிருந்து 21ஆவது நாளுக்கு முன்னர் விசாரணையை வைக்கக் கூடாது என்பது. அது அதிகாரிக்குப் போட்ட கட்டு, நமக்குத் தந்த தவணை இல்லை. சரியாக 21ஆவது நாளில் விசாரணை வைத்தால், அதற்கு ஏழு நாள் முன் எழுதிக் கொடுக்க வேண்டியவருக்கு மிஞ்சுவது பதினாலு நாள்தான். அதற்குள் பெருநாளும் போயாவும் சனி ஞாயிறும் வந்தால் கந்தோர் திறந்திருக்கும் நாட்களை விரலில் எண்ணிவிடலாம். மற்ற 21, நட்டஈடு தீர்மானித்த பிறகு மேன்முறையீட்டுக்கு உள்ளது. இரண்டையும் குழப்பினவர்கள் முதலாவது தவணையை இழந்து இரண்டாவதை நம்பி இருக்கிறார்கள்.

அடுத்தது, பச்சை அட்டவணையின் மிகப் பெரிய பிழை. திகதிப் பிழையை விட இது பெரிது. "காணிச் சொந்தக்காரர்கள்" என்று போட்டிருந்தார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. உரிமையுள்ள ஆள் என்கிறது: உரித்தாளர், கூட்டு உரித்தாளர், ஈடு பிடித்தவர், குத்தகைக்கு எடுத்தவர், அந்தக் காணிக்குள்ளால் வழி உரிமை உள்ளவர், தர்மத்துக்காகப் பொறுப்பில் வைத்திருப்பவர் எல்லோரும் அதற்குள் வருவார்கள். மாத வாடகைக்கு இருப்பவர் மட்டும் வரமாட்டார்.

காக்காவின் வளவையே எடுங்கள். உறுதி மௌத்தான வாப்பாவின் பெயரில். பிள்ளைகள் அவரும், ஒரு தம்பியும், இரண்டு ராத்தாமாரும். ஒரு ராத்தா குவைத்தில். "சொந்தக்காரர்" என்ற சொல்லை வாசித்த காக்கா தன்னைத்தான் நினைத்தார். தம்பி காக்கா பார்த்துக்கொள்வார் என்று இருந்தார். ராத்தாமாருக்கு ஒருவரும் சொல்லவே இல்லை. கேட்டபோது அவர் கள்ளம் இல்லாமல்தான் சொன்னார்: "அவங்களுக்கு வீடு குடுத்தாச்சு தானே சேர்." சீதனமாக வீடு கொடுத்தது வேறு. வாப்பாவின் பெயரில் கிடக்கும் வளவில் பெண் பிள்ளைக்குள்ள பங்கு வேறு. ஆணின் பங்கில் பாதியாக இருந்தாலும் அது பங்குதான், அவர்களும் கூட்டு உரித்தாளர்கள்தான். "ஒவ்வொருவரும்" என்ற ஒரு சொல்லை "சொந்தக்காரர்" ஆக்கியதில் இரண்டு பெண்கள் அட்டவணையிலிருந்து விழுந்துவிட்டார்கள். குவைத்தில் இருக்கிறவருக்குத்தான் "எழுத்து மூலம் அதிகாரம் பெற்ற முகவர்" என்ற அந்த ஐந்து சொல். அதையும் கழித்துவிட்டார்கள், இடம் போதாதாம்!

தொகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பலர் "அரசாங்கம் தாறதைத் தரட்டும்" என்று அந்த இடத்தை வெறுமையாக விடுகிறார்கள். காக்காவுடன் இருந்து நாங்கள் எழுதியது இப்படி: எடுபடும் விஸ்தீரணம் 6 பேர்ச்சஸ், பக்கத்தில் அண்மையில் விற்ற காணியின் உறுதிப்படி ஒரு பேர்ச்சுக்கு இவ்வளவு, பெருக்கினால் இவ்வளவு. காய்க்கும் தென்னை 4. முன் மதில் 42 அடி, திரும்பக் கட்ட மேசன் எழுதித் தந்த மதிப்பீடு இவ்வளவு. கூட்டினால் மொத்தம். ஏழாம் ஆண்டுக் கணக்கை விடக் கஷ்டமில்லை. கேட்ட தொகை அப்படியே கிடைக்கும் என்று நாங்கள் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆனால் கணக்கு எழுத்தில் இருந்தால் விசாரணையில் அதைப் பற்றிக் கேட்பார்கள். வெறும் இடத்தைப் பற்றி என்னத்தைக் கேட்பது?

21ஆம் திகதி சனி. திங்கள் 23 காலையில் காக்கா, தம்பி, ஊரில் இருக்கும் ராத்தா மூன்று பேரும் போனார்கள். குவைத் ராத்தாவின் பெயரும் பங்கும் எழுத்தில் சேர்க்கப்பட்டது, அதிகாரக் கடிதம் பிறகு வந்தது. மூன்று பிரதி கொண்டுபோகச் சொன்னோம்: இரண்டு கந்தோருக்கு, ஒன்றில் திகதி முத்திரை அடித்து வாங்கி வர. தபாலில் போடுகிறவர்களுக்கும் இதையே சொல்கிறோம். தபால் போட்ட நாளை நம்ப வேண்டாம், போய்ச் சேர்ந்த நாளைப் பாருங்கள். அன்று பிந்தியதைச் சுட்டிக்காட்டித்தான் எடுத்தார்கள். எடுத்தது அந்த உத்தியோகத்தரின் நல்ல மனது. அதே தெருவில் இன்னும் சில வீட்டார் 26ஆம் திகதி வெறும் உறுதியோடு போய் வரிசையில் நின்று, எழுதித் தாருங்கள் என்றபோது ஒருவர் முதுகில் ஒருவர் கடதாசி வைத்து எழுதினார்கள். தொகையை வாயில் வந்தபடி.

பச்சை அட்டவணை போட்ட தம்பியைத் திட்ட வேண்டாம். யார் என்று எங்களுக்குத் தெரியும், நல்ல பிள்ளை, இரவு இருந்து செய்தவர். அவரிடம் நாங்கள் கேட்டது ஒன்றுதான்: அட்டவணையோடு அசல் அறிவித்தலின் படத்தையும் ஏன் போடவில்லை? "ஒருத்தரும் வாசிக்க மாட்டாங்க சேர்" என்றார். ஒருவர் வாசித்தார். 20ஆம் திகதி மடித்துக்கொண்டு வந்தார்.

இன்னொரு விசயம். சிலர் விசாரணையில் "காணி தரமாட்டோம்" என்று கடிதம் கொடுத்தார்கள். அதற்கான கட்டம் 4ஆம் பிரிவு அறிவித்தல். அப்போது அமைச்சின் செயலாளருக்கு ஆட்சேபனை எழுதக் குறைந்தது 14 நாள் தருவார்கள். 5ஆம் பிரிவில் பிரகடனம் வந்த பிறகு 7ஆம் பிரிவு விசாரணையில் பேசப்படுவது யாருக்கு என்ன உரிமை, எவ்வளவு நட்டஈடு என்பது பற்றித்தான். ஆகவே அட்டவணையின் தலைப்பிலேயே பிரிவு இலக்கத்தைப் போடுங்கள். "காணி அறிவித்தல்" என்று மட்டும் போட்டால் எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்று ஒருவருக்கும் தெரியாது.

பாலத்துக்கு அங்கால் உள்ள பகுதிக்கு இன்னும் 7ஆம் பிரிவு அறிவித்தல் வரவில்லை. ஒட்டியதும் ஒட்டிய நாளைக் குறித்துவிட்டு, முழுப் பக்கமும் தெரிய போட்டோ எடுத்து எங்களில் யாருக்காவது அனுப்புங்கள். மௌத்தான பெற்றோரின் பெயரில் உறுதி உள்ளவர்கள் மரணச் சான்றிதழையும் பிள்ளைகள் எல்லோருடைய பிறப்புச் சான்றிதழையும் இப்போதே எடுத்து வையுங்கள். அதற்குத்தான் அதிக நாள் போகிறது. வெளிநாட்டில் இருக்கும் ராத்தா, தங்கச்சிமாருக்கு இன்றிரவே ஒரு கோல் எடுங்கள்.