45 நாள் எந்த நாளில் தொடங்குகிறது?

கோவையில் பம்ப்செட் செய்யும் ஒரு சிறு பட்டறைக்கு, வெளி மாவட்டத்துப் புதிய விநியோகஸ்தர் ஒருவர் முதல் ஆர்டர் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். 100 மோனோபிளாக் பம்புகள், ஒன்று 6,000 ரூபாய். ஆர்டர் தாளின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: ‘சரக்கைப் பரிசோதித்து ஏற்ற நாளிலிருந்து 45 நாளில் பணம்.’ பட்டறைக்காரர் விலையைச் சரிபார்க்கிறார், எண்ணிக்கையைச் சரிபார்க்கிறார், 45 என்ற எண்ணையும் மனதில் வாங்கிக்கொள்கிறார். ‘ஆர்டர் கிடைத்தது, நன்றி’ என்று ஒப்புகை போய்விடுகிறது. ‘ஏற்ற நாளிலிருந்து’ என்ற சொல் மட்டும் அவர் கண்ணில் படவில்லை.

அந்தச் சொல் செய்யும் வேலையைத் தேதி வாரியாகப் பார்க்கலாம். ஜூன் 3 பில் போடுகிறார். 7-ம் தேதி லாரி போய்ச் சேருகிறது. நான்கு பம்புகளில் பெயின்ட் உரிந்திருப்பதாக குடோனிலிருந்து ஃபோன் வருகிறது. பேசி முடித்து அவர்கள் சரக்கைக் கணக்கில் ஏற்றும்போது ஜூன் 19 ஆகிவிடுகிறது. அங்கிருந்து 45 நாள் எண்ணினால் ஆகஸ்ட் 3. ஆனால் அந்த நிறுவனத்தில் மாதத்தின் 10-ம் தேதியும் 25-ம் தேதியும்தான் பணம் போடுவார்கள். ஆக, பணம் வருவது ஆகஸ்ட் 10. பில் போட்டு 68 நாள்.

இதற்கிடையே அவர் கையிலிருந்து பணம் போய்க்கொண்டே இருக்கிறது. ஜிஎஸ்டி 18 விழுக்காடு என்று கொண்டால் பில் தொகை 7,08,000 ரூபாய். வங்கிக் கடனுக்கு 12 விழுக்காடு வட்டி என்றால், 68 நாளுக்குச் சுமார் 15,800 ரூபாய். பம்புக்கு 300 ரூபாய் லாபம் வைத்திருந்தால் மொத்த லாபமே 30,000. அதில் பாதிக்கு மேல் வட்டிக்குப் போகிறது. மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்பவராக இருந்தால், ஜூன் பில்லுக்கான வரியை, உள்ளீட்டு வரி கழித்தது போக, ஜூலை 20-க்குள் கட்டியாக வேண்டும். வாங்கியவர் பணம் தந்தாரா என்று வரித்துறை கேட்பதில்லை.

இப்படி இழுக்க முடியாது, அதற்குச் சட்டம் இருக்கிறது என்பார்கள். இருக்கிறது. 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, குறு அல்லது சிறு உற்பத்தியாளருக்குத் தர வேண்டிய பணத்துக்கு எழுத்தில் என்ன கெடு போட்டாலும், சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, மாதாந்தரக் கூட்டு வட்டியாக. ஏற்ற நாள் எது என்பதையும் சட்டமே சொல்கிறது. சரக்கு வந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், வந்து சேர்ந்த நாளே ஏற்ற நாள். நம் கணக்கில் ஆட்சேபம் ஃபோனில்தான் வந்தது. எனவே கெடு ஜூலை 22-ல் முடிந்துவிட்டது. அதே ஆட்சேபம் ஒரு மின்னஞ்சலாக வந்திருந்தால், பட்டறைக்காரர் குறையைத் தீர்த்துவைத்த நாளே ஏற்ற நாளாகியிருக்கும்.

சட்டத்தில் உரிமை இருப்பதும் அதைக் கேட்டு வாங்குவதும் வேறு வேறு. வட்டிக்காக வசதிக் கவுன்சிலில் மனுப் போட்டால் இரண்டாவது ஆர்டர் வராது என்று பட்டறைக்காரருக்குத் தெரியும். அவர் போட மாட்டார். கெடு தாண்டியும் ஆண்டு முடிவுக்குள் தராத தொகையை வாங்கியவர் அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது என்று 2023-ல் கொண்டுவந்த வருமான வரித் திருத்தம் ஓரளவு உதவுகிறது. ஆனால் அதன் பிடி மார்ச் 31-ஐ ஒட்டித்தான் இறுகும். ஜூன் மாதத்துப் பில்லுக்கு அது எட்டாது. அதனால்தான் பணம் பற்றிய பேச்சை ஆர்டர் ஒப்புகையிலேயே, லாரி கிளம்பும் முன்பே, முடித்துவிட வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்கிறேன். அந்த நேரத்தில் ஒருவருக்கு மற்றவர் தேவை. அதற்குப் பிறகு தேவை ஒரு பக்கம்தான்.

ஒப்புகை வெறும் ரசீது என்று நினைப்பது பெரிய பிழை. 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி ஏற்பு முழுமையானதாகவும் நிபந்தனையற்றதாகவும் இருக்க வேண்டும். வேறு நிபந்தனையோடு ஒப்புகை அனுப்பினால் அது புதிய முன்மொழிவு. எதிர்த் தரப்பு ஒப்பினால்தான் ஒப்பந்தம். ஒன்றும் சொல்லாமல் சரக்கை ஏற்றிவிட்டால், அவர்களுடைய நிபந்தனையைச் செயலால் ஏற்றதாகிவிடும். இங்கிலாந்தில் 1969-ல் பட்லர் என்ற இயந்திர நிறுவனம் விலையைப் பின்னால் உயர்த்தும் உரிமையோடு விலைப்புள்ளி கொடுத்தது. வாங்கியவர் தன் நிபந்தனைகளோடு ஆர்டர் அனுப்பினார். அடியில் கிழித்து அனுப்பும் ஒப்புகைச் சீட்டும் இருந்தது. பட்லர் அதில் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பியது. பிறகு கூடுதலாக 2,892 பவுண்டு கேட்டபோது, 1977-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது. தீர்ப்பின் பாரம் முழுக்க அந்தக் கிழிசல் சீட்டின் மேல்தான் இருந்தது.

சரி, என்ன எழுதுவது? முதலில் தொடக்க நாள். பில் தேதியை வைத்துக்கொள்வதே நல்லது. அது இரு தரப்பின் கையிலும் இருக்கிறது, குடோன் கணக்கரால் அதைத் தள்ளிப்போட முடியாது. லாரி போகும் நாள்களை யார் சுமப்பது என்று விநியோகஸ்தர் கேட்பார். நியாயமான கேள்வி. 30 நாள் என்று நினைத்திருந்தால் 35 ஆகக் கொடுத்துவிடலாம்; தொடக்க நாளை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. நம் கணக்கில் அப்போது கெடு ஜூலை 8. வரி கட்ட வேண்டிய ஜூலை 20-க்கு முன்பே பணம் கையில் இருக்கும்.

அடுத்தது குறைபாடு. சேதமோ எண்ணிக்கைக் குறைவோ இருந்தால் வந்து மூன்று வேலை நாளுக்குள் படத்தோடு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தகராறுள்ள பம்புகளின் தொகையை மட்டும் நிறுத்திக்கொள்ளலாம் என்று எழுத வேண்டும். நான்கு பம்புக்காக மற்ற 96-க்கான பணம் காத்திருக்கக் கூடாது.

மூன்றாவது, அடுத்த லோடு. 1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பணம் தரும் கெடுவை ஒப்பந்தத்தின் உயிர்நிலையாகக் கருதுவதில்லை. வேறு கருத்து ஒப்பந்தத்தில் தெரிந்தால்தான் கருதும். எனவே ‘முந்தைய பில் கெடு தாண்டினால் அடுத்த லோடு நிறுத்தப்படும், அது தாமதமாகக் கொள்ளப்படாது’ என்று வெளிப்படையாக எழுதாவிட்டால், பணம் தராதவரே சரக்கு வரவில்லை என்று நஷ்டஈடு கேட்கும் நிலை வரலாம்.

புதியவர் என்பதால் முதல் ஆர்டருக்குப் பாதித் தொகை முன்பணமாகக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். சரக்குக்கான முன்பணத்துக்கு, அதை வாங்கியவுடன் ஜிஎஸ்டி கட்ட வேண்டிய தேவை 2017 நவம்பரிலிருந்து இல்லை. மூன்று பில்கள் கெடுவுக்குள் தீர்ந்ததும் முன்பணம் நீங்கும் என்பதையும் அதே ஒப்புகையில் எழுதிவிட்டால், அது அவமதிப்பாகத் தோன்றாது. உத்யம் பதிவு எண்ணையும் அங்கேயே போட வேண்டும்; சிறு தொழில் என்று தெரியவில்லை என்ற பேச்சு பின்னால் வராது.

இவ்வளவையும் எழுதி அனுப்பினால், பெரும்பாலும் ஒரு ஃபோன்தான் வரும்: “அதெல்லாம் பேசிக்கலாங்கண்ணா, நீங்க லோடு ஏத்தி விடுங்க.” பட்டறைக்காரரின் மனம் இளகும் இடம் இதுதான். ஜூலை வாடகையும் கூலியும் கண்முன் நிற்கும். ஆர்டர் போய்விடுமோ என்ற பயமும் உண்மையானது. அப்போதும் அவர் சொல்ல வேண்டிய பதில், “சரிங்க, ஒப்புகைல ஒரு கையெழுத்துப் போட்டு மெயில்ல அனுப்பிடுங்க, வந்ததும் லாரிக்குச் சொல்லிடறேன்.”