சராசரி 3 என்று முடித்துவிடாதீர்கள்

தனியார் வேலையில் ‘தகுதி’தான் பேசும் என்கிறார்கள். அந்தத் தகுதியை அளப்பவருக்கு அளக்கக் கற்றுக்கொடுத்தது யார் என்று நாம் கேட்பதே இல்லை.

ஒழுங்கான நிறுவனங்களில் புதிதாக நேர்காணல் எடுக்க வருபவர் முதல் சிலவற்றில் வாய் திறக்காமல் உடன் உட்கார்ந்து கவனிப்பார். இதற்கு ஷேடோயிங் என்று பெயர். அடுத்து இடம் மாறும். புதியவர் கேட்பார், அனுபவசாலி கவனிப்பார். இரண்டிலும், பேசிக்கொள்வதற்கு முன்பே இருவரும் தனித்தனியாக மதிப்பெண்ணை எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் புதியவர் கற்றுக்கொள்வது மேலாளரின் முகத்தைப் பார்த்து எண் போடுவதைத்தான்.

பிறகு மாதிரி மதிப்பீடு. பதிவு செய்த ஒரே பதிலை எல்லோரும் கேட்டு மதிப்பெண் போடுவார்கள். வாடிக்கையாளர் சேவை வேலை என்று வைத்துக்கொள்வோம். ‘நெருக்கடியை எப்படிச் சமாளித்தீர்கள்?’ என்பது கேள்வி. ஓர் இளைஞர் தயங்கித் தயங்கிச் சொல்கிறார். அவர் வேலை பார்த்த ஜெராக்ஸ் கடையில், கல்லூரி விண்ணப்பத்தின் கடைசி நாளன்று சர்வர் வேலை செய்யவில்லை. வரிசையில் நின்றவர்களுக்கு டோக்கன் கொடுத்து, செல்போன் எண் வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கிறார்கள். இரவு சர்வர் வந்ததும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எல்லா விண்ணப்பங்களையும் அனுப்பி முடித்திருக்கிறார்கள்.

நான்கு பேர் 4க்குப் போட்ட மதிப்பெண்கள்: 4, 4, 3, 1. சராசரி 3 என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போவது கேலிபரேஷன் அல்ல. ஒவ்வொருவரும் தன் குறிப்பை வாசிக்க வேண்டும், அனுபவம் குறைந்தவர் முதலில். 3 போட்டவர் சொல்கிறார்: “டோக்கன் யோசனை இவருடையதா, முதலாளியுடையதா என்று தெரியவில்லை.” நியாயம், அதை ஒரு துணைக்கேள்வியில் தெரிந்துகொண்டிருக்கலாம். 1 போட்டவரின் தாளில் ‘பதற்றம், இங்கிலீஷ் சுமார்’ என்று மட்டும் இருக்கிறது. டோக்கனைப் பற்றி ஒரு சொல் இல்லை. இந்தக் கேள்விக்கான அளவுகோல் கேட்பது மூன்றுதான்: சிக்கல் என்ன, அவர் செய்தது என்ன, விளைவு என்ன. அந்த 1 பதிலுக்குப் போட்டதே அல்ல, பேச்சுத் தோரணைக்குப் போட்டது.

ஆனால் கேலிபரேஷனுக்கு ஓர் எல்லை உண்டு. அது மதிப்பெண்கள் வேறுபடும் இடத்தை மட்டுமே காட்டும். நால்வரும் தோரணையைப் பார்த்து 1 போட்டிருந்தால் அந்தக் கூட்டத்தில் விவாதமே எழுந்திருக்காது. ‘நல்ல ஒற்றுமை’ என்று பாராட்டியிருப்பார்கள். சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், தகுதியை மட்டுமே பார்ப்பதாகச் சொன்ன ஹெச்.ஆர். மேலாளர்களே, குடும்பப் பின்னணியைக் கேட்பது அவசியம் என்றும் சொன்னார்கள். எல்லோரும் ஒத்துப்போகிற கேள்வி அது. எத்தனை முறை கேலிபரேஷன் நடத்தினாலும் அது தட்டுப்படாது. கேள்வித்தாளும் அளவுகோலும் எழுதப்படும்போதே அதை நீக்க வேண்டும்.

ஹெச்.ஆர். துறைக்குப் போகும் தோழர்களே, அந்தக் கூட்டத்தில் யாராவது ‘கான்ஃபிடன்ஸ் இல்லை’ என்றால், அவர் என்ன சொன்னார், அது அளவுகோலின் எந்த வரி என்று கேளுங்கள்.