சங்க மகாநாட்டுக்கு லீவு கிடைக்குமா?

மேட்டுப்பாளையம் தபால் ஆபீசில் ஒரு தபால்காரர் வேலை பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். சங்கத் தேர்தலில் அவரைக் காரியதரிசியாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். சென்னையில் மூன்று நாள் மகாநாடு. போக வேண்டும். ஆனால் இங்கே கடிதப் பையை யார் சுமப்பது?

மத்திய சர்க்கார் ஊழியருக்குச் சாதாரண தற்செயல் லீவு வருடத்துக்கு 8 நாள்தான். வீட்டில் ஒரு கலியாணம், குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலே அது கரைந்துபோகும். அதனால் சங்க வேலைக்கென்று தனியாக ஒரு லீவு உண்டு. அதற்கு 'ஸ்பெஷல் காஷுவல் லீவு' என்று பெயர். சம்பளம் பிடிக்க மாட்டார்கள். சொந்த லீவும் குறையாது.

எத்தனை நாள்?

சங்க நிர்வாகிக்கு ஒரு காலண்டர் வருடத்தில் 20 நாள் வரை. வெளியூரிலிருந்து வரும் பிரதிநிதிக்கு 10 நாள். மகாநாடு நடக்கும் ஊரிலேயே இருக்கும் பிரதிநிதிக்கு 5 நாள்.

நம் காரியதரிசி இந்த வருடம் 18 நாள் எடுத்துவிட்டார். பாக்கி இரண்டே நாள். மகாநாடோ மூன்று நாள்! மூன்றாம் நாளுக்குச் சாதாரண தற்செயல் லீவைச் சேர்க்கலாம்; அல்லது ஈட்டிய லீவைச் சேர்க்கலாம். இரண்டையும் ஒன்றாகச் சேர்க்க முடியாது. இது தெரியாமல் எழுதினால் விண்ணப்பம் திரும்பி வந்துவிடும்.

'லீவு வேண்டும்' என்று மட்டும் எழுதினால் போதாது. என்ன கூட்டம், எந்த ஊர், எந்தத் தேதி, தாம் என்ன பதவியில் இருக்கிறார் என்பதைச் சொல்ல வேண்டும். சங்கத்தின் அழைப்புக் கடிதத்தையும் இணைப்பது நல்லது. நிர்வாகிகள் பட்டியலைச் சங்கம் ஆண்டுதோறும் சர்க்காருக்குக் கொடுக்க வேண்டும். அதில் அவர் பெயர் இல்லையென்றால் சிக்கல்தான்.

எல்லாம் சரியாக இருந்தாலும் அதிகாரி மறுக்கலாம். லீவு என்பது உரிமையல்ல, வேலை கெடக்கூடாது. இரண்டு பேர் ஏற்கெனவே லீவில் இருக்கும்போது, மகாநாட்டுக்கு முந்தின நாள் மனுவை நீட்டினால் அதிகாரிதான் என்ன செய்வார்? தேதி தெரிந்த அன்றே கொடுத்து, தம் பீட்டை யார் பார்ப்பார் என்றும் பேசிவைத்தால் பாதி வேலை முடிந்தது.

அங்கீகாரம் போனால்?

இந்தச் சலுகை அங்கீகாரம் பெற்ற சங்கத்துக்கு மட்டுமே. 1993-ம் வருட விதிகள்படி சர்க்கார் அந்த அங்கீகாரத்தைக் கொடுக்கலாம், பறிக்கவும் செய்யலாம். 2023 ஏப்ரலில் அப்படித்தான் நடந்தது. தேசியத் தபால் ஊழியர் சம்மேளனத்தின் அங்கீகாரத்தையும், அதைச் சேர்ந்த ஒரு பெரிய சங்கத்தின் அங்கீகாரத்தையும் தபால் இலாகா ரத்து செய்தது. விவசாயிகள் போராட்டத்துக்கு நன்கொடை கொடுத்தது போன்ற செலவுகள் விதிக்கு விரோதம் என்றது இலாகா. சங்கத்தார் அதை எதிர்த்தார்கள்.

யார் பக்கம் நியாயம் என்பது வேறு விவகாரம். தபால்காரருக்கு அதன் பலன் உடனே தெரியும். அங்கீகாரம் போன சங்கத்தின் காரியதரிசிக்கு அந்த 20 நாள் கிடையாது. மகாநாட்டுக்குப் போவதென்றால், குழந்தையின் காய்ச்சலுக்கென்று வைத்திருந்த அந்த 8 நாளில்தான் கை வைக்க வேண்டும்.