இரண்டு பேரும் சரியாகத்தான் அளந்தோம்



மெட்ராலஜி லேபில் ஒரு துண்டை மைக்ரோமீட்டரில் மூன்று இடத்தில் அளந்து, சராசரி போட்டு, ரெக்கார்டில் சாரிடம் கையெழுத்து வாங்கிவிட்டால், அந்தத் துண்டைப் பற்றி எல்லாம் தெரிந்துவிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இன்பிளான்ட் டிரெயினிங்கில் ஒரு புகார்க் கடிதத்துக்குப் பதில் எழுதப் போய், அந்த நினைப்பு உடைந்தது.

நான் டிரெயினிங் போனது கோவைப் பக்கம் ஒரு சின்னப் பட்டறை. சென்டர்லெஸ் கிரைண்டிங்தான் முக்கிய வேலை. 12 மி.மீ. பின் 2000 உருப்படி ஒரு கம்பெனிக்குப் போனது. டிராயிங்கில் இருந்தது 12 h6, அதாவது 12.000 முதல் 11.989 மி.மீ. வரை இருக்கலாம். அளந்து ரிப்போர்ட் எழுதியவன் நான். எல்லாமே 11.996-ஐ ஒட்டி வந்தன. நான்கே நாளில் சரக்கு திரும்பி வந்துவிட்டது. "பின்கள் எங்கள் 12.000 கோ ரிங் கேஜில் நுழையவில்லை. உங்கள் அளவு தவறு" என்று கடிதம்.

முதலாளி முகம் வாடிவிட்டது. அந்தப் பணத்தை நம்பித்தான் அந்த மாதச் சம்பளம். போர்மேன் அண்ணன் மட்டும், "ஏனுங் தம்பி, மைக்ரோமீட்டர் பொய் சொல்லுமா?" என்றார். எனக்கு ரோஷம். ஸ்லிப் கேஜ் வைத்து மைக்ரோமீட்டரைச் சரிபார்த்தேன், பிழையே இல்லை. உடனே, "எங்கள் கருவி சரியாக உள்ளது, உங்கள் ரிங் கேஜைப் பரிசோதிக்கவும்" என்று ஒரு பதில் எழுதி நீட்டினேன். அண்ணன் அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, "போஸ்ட் பண்றதுக்கு முன்னாடி ஒரு பின்னை வி-பிளாக்ல வெச்சுச் சுத்திப் பாருங்க" என்றார்.

90 டிகிரி வி-பிளாக்கில் பின்னைக் கிடத்தி, மேலே 1 மைக்ரான் டயலை நிறுத்தி, மெதுவாகச் சுற்றினேன். முள் ஏறியது, இறங்கியது. ஒரு சுற்றுக்குச் சரியாக மூன்று ஏற்றம், மூன்று இறக்கம். ஆட்டம் 16 மைக்ரான். மைக்ரோமீட்டரில் எந்தப் பக்கம் பிடித்தாலும் 11.996 காட்டிய அதே பின்!

இது எப்படி? டிராயிங் ஷீட்டில் 60 மி.மீ. பக்கமுள்ள சமபக்க முக்கோணம் ஒன்று வரையுங்கள். ஒவ்வொரு முனையிலும் காம்பஸ் முள்ளை ஊன்றி, மற்ற இரண்டு முனைகளையும் சேர்த்து 60 மி.மீ. ஆரத்தில் வில் வரையுங்கள். அந்த உருவத்தை அட்டையில் வெட்டி, வெர்னியர் தாடைகளுக்கு நடுவே சுற்றிப் பாருங்கள். எங்கே பிடித்தாலும் 60தான். ஆனால் 60 மி.மீ. துளைக்குள் அது போகாது. அதற்கு 69.3 மி.மீ. துளை வேண்டும்! காரணம் எளிது. ஒரு பக்கம் மேடு என்றால் நேர் எதிர்ப்பக்கம் பள்ளம். இரு புள்ளிகளை மட்டும் பிடிக்கும் மைக்ரோமீட்டரில் மேடும் பள்ளமும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. ரிங் கேஜோ எல்லா மேட்டையும் ஒரே நேரத்தில் தொடுகிறது.

எங்கள் பின்னிலும் அதே கதை, மைக்ரான் கணக்கில். மூன்று மேடுள்ள துண்டு 90 டிகிரி வி-பிளாக்கில் சுற்றும்போது, வட்டப் பிழை இரண்டு மடங்காகத் தெரியும். ஆகவே 16-இல் பாதி, 8 மைக்ரான்தான் உண்மையான வட்டப் பிழை. மூன்று மேடுகளையும் தொட்டுச் சுற்றி வரும் வட்டத்தின் விட்டம், 11.996-உடன் 0.008 கூட்டினால் 12.004. அது 12.000 ரிங் கேஜில் எப்படி நுழையும்? அவர்கள் சொன்னதும் உண்மை, நான் எழுதியதும் உண்மை. இருவரும் அளந்தது வேறு வேறு சங்கதி!

காரணத்தையும் தேடினோம். சென்டர்லெஸ் மிஷினில் கிரைண்டிங் வீல், ரெகுலேட்டிங் வீல் இரண்டின் மையக் கோட்டுக்கு மேலே பின்னின் மையம் இருக்க வேண்டும். சிறிய விட்டங்களுக்கு, விட்டத்தில் பாதியளவு உயரம் என்பது பட்டறைக் கணக்கு. 12-க்கு 6 மி.மீ. மையம் அந்தக் கோட்டிலேயோ அதை ஒட்டியோ இருந்தால், ரெகுலேட்டிங் வீலில் ஒரு மேடு படும்போது நேர் எதிரே கிரைண்டிங் வீல் பள்ளம் வெட்டும். அது சுற்றச் சுற்ற மும்மேடாகிவிடும். முந்தைய வேலை மெல்லிய பின். அதற்குத் தாழ்த்தி வைத்த பிளேடை யாரும் மறுபடி ஏற்றவில்லை. ரொம்ப ஏற்றினாலும் பின் துள்ளி, சாட்டர் விழும் என்பதையும் அண்ணன் சொன்னார்.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். "யார் அளவு சரி?" என்ற கேள்வியே தவறு. "டிராயிங் எந்த அளவைக் கேட்கிறது?" என்றுதான் கேட்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. 8015 வழியில் வரைந்த படத்தில் வேறு குறிப்பு இல்லையென்றால், அளவு என்பது இரு புள்ளி அளவு. அந்தக் கணக்கில் என் 11.996 பாஸ். வட்டத்துக்குள் 'இ' என்ற ஆங்கில எழுத்து போட்டிருந்தாலோ, அமெரிக்க ஏ.எஸ்.எம்.ஈ. ஒய் 14.5 முறைப் படமாக இருந்தாலோ, 12.000 உறைக்குள் பின் முழுதும் அடங்க வேண்டும். அப்போது பெயில். 'கோ' கேஜ் முழு வடிவத்தையும், 'நோ-கோ' தனித்தனி இடத்தையும் பார்க்க வேண்டும் என்ற டெய்லர் விதி 1905-லேயே வந்துவிட்டது. எங்களுக்கு வந்த படத்திலோ எந்த முறை என்ற குறிப்பே இல்லை. வாதாடியிருந்தால் ஜெயித்திருக்கலாம். ஆனால் அந்தப் பின் போக வேண்டிய துளை 12 H7. அதன் குறைந்த அளவு 12.000. 12.004 உறையுள்ள பின்னை அந்தத் துளை ஏற்குமா? துளையோடு வாதாட முடியாது.

என் முதல் கடிதம் குப்பைக்குப் போனது. ஆங்கிலத்தில் போன இரண்டாவது கடிதத்தின் சாரம் இது:

"நாங்கள் மைக்ரோமீட்டரால் இரு புள்ளி முறையில் அளந்தோம், 11.996. நீங்கள் ரிங் கேஜால் முழு வடிவத்தைச் சோதித்தீர்கள். பின்னில் மூன்று மேடாக 8 மைக்ரான் வட்டப் பிழை உள்ளதால் இரண்டு முடிவும் சரியே. பிழை எங்கள் மிஷின் செட்டிங்கில். திருத்தித் தருகிறோம். இனி மைக்ரோமீட்டர், கோ ரிங் கேஜ் இரண்டிலும் பார்த்தே அனுப்புவோம். படத்திலும் உறை நிபந்தனையைக் குறித்துத் தர வேண்டுகிறோம்."

பிளேடை ஏற்றி மறுபடி கிரைண்ட் செய்ததில் பெரும்பாலான பின்கள் 11.991-ஐ ஒட்டி வந்து ரிங்கில் நுழைந்தன. சில 11.989-க்குக் கீழே இறங்கி ஸ்க்ராப் ஆயின. பணம் தாமதமாகத்தான் வந்தது.

வி-பிளாக்கும் எல்லாம் தெரிந்ததல்ல. 90 டிகிரி வி-பிளாக்கில் 7 மேடுள்ள துண்டைச் சுற்றினால், முள் அசையவே அசையாது! அதற்கு ரவுண்ட்னஸ் டெஸ்டர்தான் வேண்டும். ஆகவே நம் லேப் ரெக்கார்டில் 'விட்டம் 11.996' என்று மட்டும் எழுதுவதை நிறுத்துவோம். எந்தக் கருவி, எத்தனை புள்ளி என்பதையும் பக்கத்தில் எழுதுவோம். அதை எழுதாமல் விட்ட ஒரு ரிப்போர்ட்டால் ஒரு பட்டறையின் சம்பளம் தள்ளிப்போனதைப் பார்த்தவன் சொல்கிறேன்.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்