சம்பளத்தில் அரை ஆள், பணிப்பட்டியலில் முழு ஆள்

தலைநகர் தில்லியிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் தனியார் மருத்துவமனைகளில் புதிதாகச் சேரும் செவிலியரின் பெயர் இரண்டு ஏடுகளில் ஏறுகிறது. ஒன்று சம்பள ஏடு. மற்றொன்று வார்டின் பணிப்பட்டியல். சம்பள ஏட்டில் பல இடங்களில் அவர் ‘பயிற்சியாளர்’. வேலை இன்னும் பழகவில்லை என்று காரணம் சொல்லி ஊதியம் குறைக்கப்படுகிறது. பணிப்பட்டியலில் அவரே முழுத் தகுதி பெற்ற ஒரு செவிலியர். முதல் வாரத்திலேயே இரவுப் பணிக்கு ஓர் ஆளாக அவர் எண்ணப்படுகிறார். ஒரே மனிதர் ஒரே நாளில் காசாளருக்கு அரை ஆளாகவும் கண்காணிப்பாளருக்கு முழு ஆளாகவும் இருப்பது எப்படி என்று நிர்வாகத்தை யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய தொழிற்சங்கங்களும் ஊதியப் பாதியோடு நின்றுவிடுகின்றன.

புதியவர் மெதுவாக வேலை செய்வது திறமைக் குறைவினாலன்று. ஊசி போடக் கல்லூரியிலேயே கற்றுவிட்டார். எந்த அலமாரியில் எந்த மருந்து இருக்கிறது, கணினியில் மருந்துக் கோரிக்கையை எப்படிப் பதிவது, எந்த மருத்துவர் எதைச் சுருக்கி எழுதுவார், இந்த வார்டின் மருந்தேற்றும் கருவி எந்த ஒலிக்கு என்ன பொருள் தரும் என்பவற்றைக் கல்லூரி கற்பிக்க முடியாது. கேரளத்திலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ வந்தவரானால், நோயாளியின் இந்தியும் புதிது. ஒவ்வொன்றையும் நிறுத்தி, கேட்டு, சரிபார்த்துச் செய்கிறார். அப்படி நின்று பார்ப்பதுதான் சரியான நடைமுறையும்கூட. விரைந்து செய்யும் புதியவரைக் கண்டுதான் அஞ்ச வேண்டும்.

அந்த மெதுவுக்கு யார் ஈடு கொடுக்கிறார்கள் என்பதே கேள்வி. 30 படுக்கைகள் உள்ள ஒரு வார்டை வைத்துப் பார்க்கலாம். இரவு 8 மணி முதல் காலை 8 மணி வரை இரு செவிலியர். காலை 6 மணி மருந்துச் சுற்றை 5.30க்குத் தொடங்கி 6.30க்குள் முடிக்க வேண்டும். அனுபவமுள்ளவர் ஒரு நோயாளிக்கு 4 நிமிடம் எடுத்துக்கொண்டால் 15 பேருக்கு ஒரு மணி நேரம் ஆகும். இருவரும் அனுபவசாலிகள் என்றால் கணக்கு நேராகிறது. ஒருவர் புதியவர், அவருக்கு 7 நிமிடம் ஆகிறது என்று கொள்வோம். அவருடைய 15 பேரும் முடிய 105 நிமிடம், அதாவது காலை 7.15 ஆகும். இருவரும் ஒரே நேரத்தில் முடிக்க வேண்டுமானால் மூத்தவர் 19 பேரையும் புதியவர் 11 பேரையும் எடுக்க வேண்டும், அப்போதும் 6.45 கடந்துவிடும். இடையே புதியவர் கேட்கும் சந்தேகங்களுக்கு மூத்தவர் பதில் சொல்லும் நேரம் இதில் சேரவில்லை.

பணிப்பட்டியலில் சரிசெய்தல் இல்லை என்று சொல்வது ஆகவே பொய். சரிசெய்தல் ஒவ்வோர் இரவும் நடக்கிறது, மூத்த செவிலியரின் கால்களில். நிர்வாகம் ஏட்டில் எழுத மறுத்த நான்கு நோயாளிகளை அவர் கூலியின்றிச் சுமக்கிறார். காலை 8 மணிக்கு முடிய வேண்டிய பணி, பதிவேடுகள் எழுதி ஒப்படைத்து முடிக்க 9 மணியைத் தாண்டுகிறது.

மற்றோர் ஆபத்து எண்களில் தெரியாது. இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம் குளோரைடு போன்ற மருந்துகளைத் தருமுன் இரண்டாவது செவிலியர் தனியாகக் கணக்கிட்டுச் சரிபார்க்க வேண்டும். மருந்து பழகாத ஒருவர் அந்த இரண்டாவது ஆளாக இருக்க முடியாது. மூத்தவர் சொல்லும் அளவுக்குத் தலையசைக்கவே முடியும். தாளில் இரண்டு கையெழுத்து இருக்கும், சோதித்தவர் ஒருவர்தான். இருவர் பணியில் ஒருவர் புதியவரான இரவில் அந்த வார்டில் இரண்டாவது கண் இல்லை.

இப்படி நடக்கும் வார்டை மருந்துத் தாளைப் பார்த்தே அடையாளம் காணலாம். 30 நோயாளிக்கும் சரியாக ‘6.00’ என்று ஒரே நேரம் குறிக்கப்பட்டிருந்தால் அது பின்னர் உட்கார்ந்து எழுதப்பட்டது. இரு கைகளால் 30 பேருக்கு ஒரே நிமிடத்தில் மருந்து தர எந்தச் செவிலியராலும் ஆகாது.

நிர்வாகங்கள் ஒரு பதிலை வைத்திருக்கின்றன: “ஒருவர் மெதுவானால் மற்றவர் வேகமாக இருப்பார், சராசரி சரியாகிவிடும்.” சராசரியைப் பற்றி ‘மூலதனம்’ முதல் தொகுதியில், கூட்டுழைப்பு குறித்த அத்தியாயத்தில் மார்க்ஸ் பேசுகிறார். எந்த ஐந்து பண்ணைத் தொழிலாளரும் சேர்ந்தால் வேறெந்த ஐவரின் வேலைக்கும் ஈடாவர் என்ற எட்மண்ட் பர்க்கின் கூற்றை அங்கே எடுத்துக்காட்டுகிறார். பலர் ஒன்றாக உழைக்கும் இடத்தில்தான் தனிமனித வேறுபாடுகள் ஒன்றையொன்று ஈடுசெய்யும். ஓரிருவரை மட்டும் வைத்திருக்கும் சிறு முதலாளியிடம் அது நடவாது. ஆயிரம் செவிலியர் உள்ள நிறுவனத்தின் சராசரி உண்மையாகவே இருக்கலாம். இரவு 2 மணிக்கு அந்த வார்டில் இருப்பது சராசரி அன்று, இரண்டு பேர்.

இதில் தோழர்களும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கூடுதல் சுமை விழும் மூத்தவரின் கோபம் பட்டியலைப் போட்டவர் மேல் பாய்வதில்லை. “இந்தப் பெண்ணோடு எனக்கு இரவுப் பணி போடாதீர்கள்” என்றே அது வெளிப்படுகிறது. மெதுவாக இருப்பதற்காகப் புதியவர் வெட்கப்படுகிறார், கேட்பதை நிறுத்துகிறார், சில மாதங்களில் வேலையை விட்டே போகிறார். அவர் இடத்துக்கு வருபவரும் புதியவர். கிளைக் கூட்டத்தில் இதைத் தனிமனிதச் சச்சரவாகத் தீர்த்துவைக்க முயல்வது நிர்வாகத்துக்குச் செய்யும் சேவை.

ஆள் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் பழகும் காலம் ஒரு விதிவிலக்கான நிலையன்று, நிரந்தர நிலை. 200 செவிலியர் உள்ள மருத்துவமனையில் ஆண்டுக்கு 60 பேர் விலகி 60 பேர் சேர்வதாகக் கொள்வோம். முதல் 2 வாரம் அவர்களை எண்ணிக்கையில் சேர்க்காமல், அடுத்த 4 வாரம் பாதி ஆளாக எண்ணினால், ஒருவருக்கு 4 வார உழைப்பு குறைகிறது. 60 பேருக்கு 240 வாரம். ஏறக்குறைய ஐந்து செவிலியரின் ஓராண்டு. இந்த ஐந்து பேர் எந்த மருத்துவமனையின் ஏட்டிலும் இல்லை. பொது வார்டில் போதனா மருத்துவமனைகளுக்கு 3 நோயாளிக்கு ஒருவர், பிறவற்றில் 5 பேருக்கு ஒருவர், அதற்கு மேல் விடுப்புக்கு 30 விழுக்காடு என்று இந்திய செவிலியர் கவுன்சில் வகுத்த அளவு இருக்கிறது. அந்த 30 விழுக்காடு விடுப்பில் போனவருக்கானது, பழகிக்கொண்டிருப்பவருக்கானதன்று. அந்த அளவையே எட்டாதவர்கள் இதை எங்கே எட்டப்போகிறார்கள் என்று சலித்துக்கொள்ளலாம். கோரிக்கை வைக்காததற்கு அது காரணமாகாது.

கோரிக்கை எளிது. முதல் 2 வாரம் புதியவரின் பெயர் பட்டியலில் தனி வரியில் இருக்கட்டும், எண்ணிக்கையில் வேண்டாம். பார்த்துக்கொண்டு நிற்பதால் மட்டும் வேலை வராது. ஆகவே மூன்றாம் வாரம் முதல் பகல் பணியில், ஒரே மூத்தவரின் அருகில், மற்றவருக்கு 6 நோயாளி என்றால் இவருக்கு 3 பேர். கற்பிக்கும் மூத்தவருக்கும் ஒரு நோயாளி குறைக்கப்பட வேண்டும், கற்பித்தலும் உழைப்பே. முதல் இரவுப் பணிகளில் மூன்றாவது ஆளாக மட்டும். இரண்டாவது ஆளாக வைப்பதற்குமுன், என்னென்ன வேலையைத் தனியே செய்ய வல்லவர் என்ற பட்டியலில் மூத்தவர் கையெழுத்திட்டிருக்க வேண்டும். ஆறு வாரம் என்பது பொது வார்டுக்கு; தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அது போதாது, அங்கே மாதக் கணக்காகும். வேறு மருத்துவமனையில் பல ஆண்டு வேலை செய்தவருக்குக் குறைக்கலாம். ஆனால் முதல் நாளே முழு ஆளாக்கலாகாது. கல்லூரித் தேர்வு முடிந்ததும் பத்துப் பேரை ஒரே நாளில் சேர்த்து ஒரே தளத்துக்கு அனுப்பும் வழக்கமும் நிற்க வேண்டும். ஒரு வேளைக்கு ஒரு வார்டில் ஒரு புதியவருக்கு மேல் கூடாது.

இதற்கு ஐந்து பேரைக் கூடுதலாக நியமிக்கப் பணம் இல்லை என்று நிர்வாகம் சொல்லும்போது, சம்பள ஏட்டை மேசைமேல் வைக்கச் சொல்ல வேண்டும். 60 புதியவருக்கும் பயிற்சியாளர் என்று சொல்லி மாதாமாதம் பிடித்துவைத்த தொகை அங்கே இருக்கிறது. அது முதலில் இந்த ஐவரின் ஊதியமாகட்டும்.