சதுர அடிக்கு மூணா, நாலா? காசு போகும் இடத்தைப் பாருங்கள்!

தாம்பரம் போகும் சாயங்கால மின்சார ரயில். நிற்க இடமில்லாத நெரிசல். அதிலும் ஒரு வாக்குவாதம்.

"எங்க பிளாட்டுல சதுர அடிக்கு மூணு ரூபாதான் சார். உங்க இடத்துல நாலு ரூபாயா? பகல் கொள்ளை!" என்கிறார் பாத்திரக்கடை அண்ணாச்சி.

"எங்ககிட்ட நீச்சல் குளம் இருக்கு அண்ணாச்சி, ஜிம் இருக்கு. சும்மாவா?" என்கிறார் ஆபீஸ் குமாஸ்தா.

"குளத்துல குளிக்கிறீங்களா?"

"எங்க நேரம் இருக்கு?"

சுற்றி நின்றவர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் சென்னையில் அடுக்குமாடி வீடு வாங்கிய நடுத்தரக் குடும்பங்கள் பலவும் மாதம் பிறந்தால் கேட்கும் கேள்விதான் இது. மூணு ரூபாய் மலிவா? நாலு ரூபாய் கொள்ளையா? இரண்டு பேருமே தவறான இடத்தில் சண்டை போடுகிறார்கள் என்பதுதான் உண்மை.

எந்தச் சதுர அடி?

முதலில் கேட்க வேண்டியது இது. வீட்டுக்குள் பாய் விரிக்கக் கூடிய இடம் 'கார்ப்பெட் ஏரியா'. அதோடு சுவர், மாடிப்படி, லிப்ட், நடைபாதை இவற்றின் பங்கையும் சேர்த்தால் 'சூப்பர் பில்ட்-அப்'. உள்ளே 720 சதுர அடி இருக்கும் வீடு, காகிதத்தில் 1,000 சதுர அடியாக நிற்பது சர்வ சாதாரணம்.

1,000 அடிக்கு மூணு ரூபாய் என்றால் 3,000 ரூபாய். அதே வீட்டுக்கு 720 அடிக்கு நாலு ரூபாய் போட்டால் 2,880 ரூபாய்தான்! 'நாலு ரூபாய்' இடத்தில் 120 ரூபாய் குறைவு. 2016ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் கார்ப்பெட் ஏரியா எது என்று வரையறை செய்துவிட்டது. ஆனால் மெயின்டனன்ஸ் ரசீதுகள் பல இன்னமும் பழைய கணக்கிலேயே ஓடுகின்றன. எந்த அடி என்று கேட்காமல் இரண்டு குடியிருப்புகளை ஒப்பிடுவது, படியையும் கிலோவையும் ஒப்பிடுவது போல.

சரி, இரண்டு இடத்திலும் ஒரே 1,000 அடிக் கணக்கு என்றே வைத்துக்கொள்வோம். அண்ணாச்சியின் குடியிருப்பு போல ஒன்று: 24 வீடு, ஒரு லிப்ட். குமாஸ்தாவின் குடியிருப்பு போல ஒன்று: 96 வீடு, நாலு லிப்ட். ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

மூணு ரூபாய் எங்கே போகிறது?

24 வீட்டில் மாத வசூல் 72,000 ரூபாய். பகலுக்கு ஒரு வாட்ச்மேன், ராத்திரிக்கு ஒரு வாட்ச்மேன். ஏஜென்சி மூலம் ஆளுக்கு 15,000 வீதம் 30,000 ரூபாய். லாரித் தண்ணீருக்கு 12,000. பெருக்கித் துடைத்துக் குப்பை எடுக்க 9,000. லிப்ட், மோட்டார், மாடிப்படி விளக்கு ஆகியவற்றுக்குக் கரண்ட் பில் 8,000. லிப்ட் ஒப்பந்தம் 4,000. பிளம்பர், பல்பு, தொட்டி கழுவுவது என்று சில்லறைச் செலவு 4,000. ஆக 67,000. மிச்சம் 5,000 ரூபாய்.

கவனியுங்கள், பெரிய செலவு வாசலில் நிற்கும் ஆள்தான். வீடு 24 இருந்தாலும் 48 இருந்தாலும் ஒரு வாசலுக்கு இரண்டு ஆள் வேண்டும். 24 பேர் பங்கு போட்டால் வீட்டுக்கு 1,250 ரூபாய். அதாவது மூணு ரூபாயில் ஒன்றேகால் ரூபாய் காவலுக்கே போய்விடுகிறது.

நாலு ரூபாயில் நீச்சல் குளம் எவ்வளவு?

96 வீட்டில் மாத வசூல் 3,84,000 ரூபாய். மூன்று இடங்களில் காவல், ஆறு ஆட்கள், 90,000 ரூபாய். கேட்கப் பெரிய தொகை. ஆனால் 96ஆல் வகுத்தால் வீட்டுக்கு 938 ரூபாய்தான். அண்ணாச்சி வீட்டைவிட மும்மடங்கு காவல், 300 ரூபாய்க்கு மேல் குறைந்த விலையில்!

அப்படியானால் கூடுதலாக வாங்கும் ஒரு ரூபாய் எங்கே? குளத்துக்கும் ஜிம்முக்கும் சேர்த்து 35,000. சதுர அடிக்கு 36 காசு. மானேஜர் சம்பளம் 25,000. அது 26 காசு. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு 45,000. அது 47 காசு. மூன்றும் சேர்த்து ஒரு ரூபாய் 9 காசு.

ஊரே கேலி செய்யும் நீச்சல் குளம் இதில் மூன்றில் ஒரு பங்குதான். குளத்தை மூடினாலும் ரூபாய் நாலு, மூணு ஆகிவிடாது. மூணு ரூபாய் 64 காசுதான் ஆகும்.

கெட்ட சிக்கனம்

செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் கமிட்டியின் கண் முதலில் அந்த 47 காசின் மேல்தான் விழுகிறது. 'ராத்திரி முழுக்க மோட்டார் ஓடுதே, நிறுத்திப்புடு' என்கிறார்கள்.

அது வெறும் மோட்டார் அல்ல. கழிவுநீர்த் தொட்டிக்குள் காற்று ஊதும் 'புளோயர்'. அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் அந்தக் காற்றில்தான் உயிர் வாழ்கின்றன. பல மணி நேரம் காற்றை நிறுத்தினால் அவை செத்துப்போகும். அழுகிய முட்டை நாற்றம் கிளம்பும். ஒழுங்காக ஓடும் தொட்டியில் மண் வாசனைதான் வரும். நாற்றம் வந்தால் யாரோ ஸ்விட்சை அணைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

நஷ்டம் நாற்றத்தோடு போவதில்லை. சுத்தம் செய்த தண்ணீர்தான் கழிப்பறைத் தொட்டிக்கும் செடிக்கும் போகிறது. அது கெட்டால் நல்ல தண்ணீரை அதற்கு ஊற்ற வேண்டும். கோடையில் வாசலில் லாரி நிற்கும். 24 வீட்டுக் குடியிருப்பு லாரிக்குக் கொடுப்பது சதுர அடிக்கு 50 காசு. 47 காசை மிச்சம் பிடிக்கப் போய் அந்தப் பள்ளத்தில் விழ வேண்டுமா?

லிப்ட் ஒப்பந்தத்தில் இரண்டு வகை

லிப்ட் ஒப்பந்தத்திலும் இதே கதை. மாதம் 4,000 ரூபாய் ஒப்பந்தம் பெரும்பாலும் எண்ணெய் போட்டு, பார்த்துவிட்டுப் போவதற்கு மட்டும். கம்பிக்கயிறோ சர்க்யூட் போர்டோ போனால் தனி பில். பாகங்களையும் சேர்த்த முழு ஒப்பந்தம் 7,000 ரூபாய் ஆகலாம். குமாஸ்தா குடியிருப்பில் நாலு லிப்டுக்கும் முழு ஒப்பந்தம், 28,000 ரூபாய். அண்ணாச்சி கட்டுவது குறைவு. ஆனால் கயிறு மாற்றும் நாளில் மீதியை மொத்தமாகக் கட்டுவார்.

கரண்ட் பில்லை எடுத்துப் பாருங்கள்

பொது விளக்கு, மோட்டார், லிப்ட் இவற்றுக்கு வீட்டுக் கரண்ட் விலை கிடையாது. 2022 செப்டம்பரில் இதற்கென்று தனிக் கட்டணம், யூனிட் 8 ரூபாய் என்று வந்தது. 2023ல், 10 வீட்டுக்கும் மூன்று மாடிக்கும் மேல் போகாத, லிப்ட் இல்லாத சிறிய குடியிருப்புகளுக்கு மட்டும் 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள். அதன் பிறகும் கட்டணங்கள் மாறியிருக்கின்றன. சின்னக் குடியிருப்புக்காரர்கள் தங்கள் பில்லில் எந்த இனம் போட்டிருக்கிறது என்று பார்ப்பது நல்லது. சலுகைக்கு உரியவர்கள் பெரிய கட்டணத்தைக் கட்டிக்கொண்டிருந்தால், அதற்குக் கமிட்டி ஆளைத் திட்டிப் பயனில்லை. மின்சார வாரிய ஆபீசில் மனுக் கொடுக்க வேண்டும்.

ரசீதில் இல்லாத செலவு

இனிமேல்தான் உண்மையான வில்லங்கம். கட்டடத்துக்கு வெளியே பெயிண்ட் அடிக்க வேண்டும். மொட்டை மாடித் தளம் ஒழுகினால் சரி செய்ய வேண்டும். ஆறு வருஷத்துக்கு ஒரு முறை 24 வீட்டுக் கட்டடத்துக்கு 9 லட்சம் ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 12,500 ரூபாய் ஒதுக்கியிருக்க வேண்டும். மிச்சமோ 5,000. ஆறு வருஷத்தில் சேர்வது 3 லட்சத்து 60 ஆயிரம். குறைவது 5 லட்சத்து 40 ஆயிரம். ஒரு நாள் நோட்டீஸ் போர்டில் காகிதம் ஒட்டுவார்கள்: 'வீட்டுக்கு ரூ.22,500, பதினைந்து நாளில் கட்டவும்.'

நாலு ரூபாய் கட்டுகிறவர் தப்பித்தாரா? இல்லை! அங்கே எல்லாச் செலவும் போக மிச்சம் 10,000 ரூபாய்தான். வீட்டுக்கு 104 ரூபாய். அண்ணாச்சி வீட்டில் மிச்சம் 208 ரூபாய். அதிகம் வாங்கும் குடியிருப்பு, வீட்டுக்குப் பாதிதான் சேமிக்கிறது! 96 வீட்டுக் கட்டடத்துக்கு 36 லட்சம் வேண்டும் என்றால், ஆறு வருஷத்தில் சேர்வது 7 லட்சத்து 20 ஆயிரம். வீட்டுக்கு 30,000 ரூபாய்ப் பள்ளம்.

பென்ஷனில் காலம் தள்ளும் பெரியவர் அந்த முப்பதாயிரத்துக்கு எங்கே போவார்? அவர் கட்ட முடியாமல் நிற்பார். பக்கத்து வீட்டுக்காரர் 'நான் மட்டும் ஏன் கட்டணும்?' என்பார். வேலை நின்றுபோகும். மழைத் தண்ணீர் சுவருக்குள் இறங்கி, இரும்புக் கம்பி துருப்பிடித்து, பூச்சு பெயர்ந்து விழும். அப்போது 36 லட்சத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை அந்தத் தொகையில் முடியாது. மாதா மாதம் 42 காசு கூட்டத் தயங்கியதற்குத் தண்டம் அது.

கமிட்டியிடம் கேட்க வேண்டியது

மெயின்டனன்ஸ் கட்டுகிறவர்கள் செயலாளரிடம் நாலு விஷயம் கேட்டால் போதும். எந்தச் சதுர அடியை வைத்து வசூல்? ஆள், கரண்ட், தண்ணீர், மிஷின் ஒப்பந்தம் என்று தலைப்புவாரியாகப் போன மாதச் செலவு என்ன? வாட்ச்மேனுக்காக ஏஜென்சி பில்லில் போடும் பி.எப்., ஈ.எஸ்.ஐ. பணம் கட்டிய ரசீது எங்கே? பெயிண்டுக்கும் தளத்துக்கும் தனிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது?

செயலாளரும் பொருளாளரும் சம்பளம் இல்லாமல் உழைப்பவர்கள்தான். அவர்களைத் திருடர் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு பக்கக் கணக்கை மாதம் ஒரு முறை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதில் அவர்களுக்கு என்ன கஷ்டம்? ஒட்டினால் பாதிச் சண்டை அன்றைக்கே ஓயும்.

அந்த நாலாவது கேள்விக்குப் பதில் இல்லாத குடியிருப்பில் மூணு ரூபாயும் மலிவில்லை, நாலு ரூபாயும் வசதியில்லை. இரண்டுக்கும் மிச்ச பில், பெயிண்ட் அடிக்கும் வருஷத்தில் வந்து சேரும். அண்ணாச்சியும் குமாஸ்தாவும் நாளைக்கு ரயிலில் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளட்டும்.