சான்றிதழைக் காட்டுபவரிடம் அல்ல, வழங்கியவரிடம் கேளுங்க



போன தையில் எங்கள் மஞ்சள் விவசாயிகள் குழுவுக்கு ஒரு கம்பெனி ஆள் வந்தார். பயிர் வளர்ச்சி ஊக்கி, நுண்ணுயிர் கலந்த திரவம், லிட்டர் 650 ரூபாய். மொத்தமாக 200 லிட்டர் எடுத்தால் 500 ரூபாய்க்குத் தருவதாகச் சொன்னார். அதாவது ஒரு லட்சம் ரூபாய் வியாபாரம். "நம்பிக்கை இல்லைன்னா இதைப் பாருங்க சார்" என்று பிளாஸ்டிக் உறையில் போட்ட இரண்டு சான்றிதழ்களை எடுத்து வைத்தார். ஒன்று இயற்கை வேளாண்மைக்கு ஏற்ற இடுபொருள் என்று ஒரு சான்று நிறுவனம் கொடுத்தது. இன்னொன்று ஐஎஸ்ஓ 9001. இரண்டிலும் சீல், கையெழுத்து, மினுமினுக்கும் முத்திரை எல்லாம் இருந்தன. குழுவில் பாதிப்பேர் அப்பவே பணம் கட்டத் தயாராகிவிட்டார்கள்.

நான் பத்து நாள் தவணை கேட்டேன். "சான்றிதழைப் பார்த்தாச்சே, இன்னும் என்ன?" என்று நம் ஆட்களே கேட்டார்கள். அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை.

வங்கியில் இருந்தபோது, எங்கள் வாடிக்கையாளருக்கு வேறு வங்கி கொடுத்த உத்தரவாதக் கடிதம் வரும். கெட்டியான முத்திரைத்தாள், இரண்டு அதிகாரிகளின் கையெழுத்து எல்லாம் இருக்கும். அதை வைத்து ஒரு ரூபாய்கூட நகர்த்த மாட்டோம். கொடுத்ததாகச் சொல்லும் கிளைக்கு நாங்களே எழுதி, "ஆமாம், நாங்கள் கொடுத்ததுதான்" என்று பதில் வந்த பிறகுதான் அடுத்த வேலை. எழுதும் முகவரியை அந்தக் கடிதத்திலிருந்து எடுக்கக் கூடாது என்பது முதல் பாடம். போலிக் கடிதம் அடிக்கிறவன் அதில் போலி முகவரியும் அடிப்பான், போன் போட்டால் எடுத்துப் பேச ஓர் ஆளையும் வைத்திருப்பான். எங்களிடம் உள்ள பட்டியலில் இருக்கும் முகவரிக்குத்தான் எழுதுவோம். இதை எந்த வாடிக்கையாளரும் அவமானமாக எடுத்துக்கொண்டதில்லை. நடைமுறை அப்படி, அவ்வளவுதான்.

அதே வேலையைத்தான் இங்கேயும் செய்தேன். முதலில், இடுபொருள் சான்று கொடுத்த நிறுவனம் உண்மையில் உள்ளதா என்று பார்த்தேன். நம் நாட்டில் தேசிய இயற்கை வேளாண்மைத் திட்டத்தின் கீழ் சான்று தரும் நிறுவனங்களுக்கு அங்கீகாரம் உண்டு. மத்திய வணிக அமைச்சகத்தின் கீழுள்ள அபிடா, அந்த நிறுவனங்களின் பட்டியலைத் தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. நம் மாநில அரசின் சான்றளிப்புத் துறையும் அப்படி அங்கீகாரம் பெற்றதுதான். சான்றிதழில் இருந்த பெயர் பட்டியலில் இருந்தது. முகவரி, மின்னஞ்சல் இரண்டையும் அந்தப் பட்டியலிலிருந்தே குறித்துக்கொண்டேன். சான்றிதழின் மூலையில் ஒரு கியூஆர் கட்டம் இருந்தது. அதை ஸ்கேன் செய்து பார்த்தால் போதாதா என்று பையன் ஒருவன் கேட்டான். போதாது. அந்தக் கட்டம் எந்தப் பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போகணும் என்று முடிவு செய்வது அதை அச்சடித்தவர். "சான்று உண்மையானது" என்று பச்சை எழுத்தில் காட்டும் பக்கத்தை யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம். முகவரியை நாமே தட்டிப் போக வேண்டும்.

பிறகு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். பெரிய ஆங்கிலம் எல்லாம் வேண்டியதில்லை. சான்றிதழின் நகலை இணைத்து, அதன் எண்ணைக் குறிப்பிட்டு, நான்கே கேள்விகள் கேட்டேன். இது நீங்கள் வழங்கியதா, எந்த நிறுவனத்துக்கு, எந்த முகவரிக்கு? எந்தெந்தப் பொருள்களுக்கு வழங்கினீர்கள், இந்தத் திரவத்தின் பெயர் அதில் உண்டா? எந்தத் தேதி வரை செல்லும்? இன்றைய தேதியில் நடப்பில் உள்ளதா, நிறுத்தி வைத்திருக்கிறீர்களா, ரத்து செய்துவிட்டீர்களா?

நான்காவது கேள்வியைப் பலர் விட்டுவிடுவார்கள். தேதி முடியாத சான்றிதழ் என்றால் செல்லும் என்று நினைப்பு. அப்படி இல்லை. இடையில் ஆய்வுக்குப் போய்க் குறை கண்டால் சான்று நிறுவனம் அதை நிறுத்தி வைக்கும், ரத்தும் செய்யும். ஆனால் கம்பெனியின் கையில் இருக்கும் தாளில் பழைய தேதி அப்படியே இருக்கும். தாளுக்குத் தான் ரத்தானது தெரியாது. வழங்கியவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஐந்தாம் நாள் பதில் வந்தது. சான்றிதழ் போலி இல்லை. அந்த நிறுவனமே வழங்கியது, அதே கம்பெனிக்குத்தான். ஆனால் வழங்கியது வேப்பம் புண்ணாக்குத் தூளுக்கும் மண்புழு உரத்துக்கும். எங்களுக்கு விற்க வந்த திரவம் அதில் இல்லை. எந்தப் பொருளுக்கு என்ற பட்டியல் இரண்டாம் பக்கத்தில் இருந்திருக்கிறது. எங்களிடம் காட்டியது முதல் பக்கம் மட்டும். திரும்ப எடுத்துப் பார்த்தேன். அடியில் பொடி எழுத்தில் "பக்கம் 1 / 2" என்று இருந்தது. நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

போலிச் சான்றிதழைவிட இது அதிகம் ஏமாற்றும். உண்மையான தாள், உண்மையான சீல், வேறொரு பொருளுக்கு. இதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

அடுத்தது ஐஎஸ்ஓ 9001. ஐஎஸ்ஓ என்ற உலக அமைப்பு யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை. அது தரவிதிகளை எழுதி வெளியிடுகிறது, அவ்வளவுதான். சான்று தருவது தனி நிறுவனங்கள். அந்த நிறுவனங்களுக்குத் தகுதி உண்டு என்று அங்கீகாரம் கொடுக்க ஒவ்வொரு நாட்டிலும் அமைப்புகள் உண்டு. நம் நாட்டில் இந்தியத் தரக் குழுமத்தின் கீழுள்ள என்ஏபிசிபி. அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் கொடுத்த சான்றுகளைத் தேட உலக அளவில் iafcertsearch.org என்ற தளம் இருக்கிறது. அதில் கம்பெனியின் பெயரைப் போட்டேன், இல்லை. அதில் இல்லாததாலேயே போலி என்று சொல்லிவிட முடியாது, எல்லாச் சான்றும் அதில் ஏறியிருக்கும் என்பதில்லை. அதனால் சான்று கொடுத்த நிறுவனத்தின் பெயரை என்ஏபிசிபி பட்டியலில் தேடினேன். அங்கேயும் இல்லை. சான்றிதழிலும் எந்த அங்கீகார அமைப்பின் முத்திரையும் இல்லை. பணம் வாங்கிக்கொண்டு தாள் அடித்துக் கொடுக்கும் கடையாக இருக்கலாம் என்று சந்தேகப்பட அது போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஐஎஸ்ஓ சான்று நல்ல நிறுவனம் கொடுத்ததாகவே இருந்தாலும் நமக்குப் பெரிய பயன் இல்லை. 9001 என்பது கம்பெனி தன் வேலையை ஒழுங்காக நடத்தும் முறைக்கான சான்று. பாட்டிலுக்குள் இருக்கும் சரக்குக்கு அல்ல. எந்த வேலைக்கு என்று சான்றிதழிலேயே ஒரு வரி எழுதியிருப்பார்கள். இதில் "வேளாண் பொருள்கள் விற்பனை" என்றுதான் இருந்தது. தயாரிப்பு என்ற சொல்லே இல்லை. அப்படியானால் திரவத்தைத் தயாரிப்பது யார், எங்கே? அந்தக் கேள்விக்குக் கம்பெனி ஆளிடம் பதில் இல்லை. இடுபொருள் சான்று விஷயத்தைக் கேட்டதற்கு, "ரெனியூவலுக்குப் போட்டிருக்கோம் சார், வந்துரும்" என்றார். இல்லாத பொருளுக்கு எப்படி ரெனியூவல்? நாங்கள் வாங்கவில்லை.

"ஒரு பாட்டில் ஊக்கிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று கேட்கலாம். இயற்கை என்ற பெயரில் ரசாயனம் கலந்து விற்பது நம் துறையில் தெரிந்த சங்கதிதான். அடித்த மறுநாளே பூச்சி சுருண்டு விழுந்தால் சந்தோஷப்படாமல் சந்தேகப்பட வேண்டும். எங்கள் பக்கத்து ஊர் நண்பர் ஒருவர் அப்படி ஒன்றை வாங்கி அடித்தார். அறுவடை மாதிரியில் பூச்சிமருந்து எச்சம் வந்தது, வாங்கவிருந்தவர் சரக்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தடை செய்த பொருளைப் பயன்படுத்தியதாக முடிவானால் வயல் மறுபடி மாறுதல் காலத்துக்குப் போக நேரும். ஓராண்டுப் பயிர்களுக்கு அது பொதுவாக 2 ஆண்டு, பல்லாண்டுப் பயிர்களுக்கு 3 ஆண்டு. "கம்பெனிக்காரன் சான்றிதழ் காட்டினான்" என்று நண்பர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. தெரியாமல் செய்தாலும் வயல் அவருடையது.

உறுதிசெய்வதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை மறைக்க மாட்டேன். சான்று நிறுவனம் "ஆமாம்" என்றாலும் அது அந்தப் பொருளுக்கான ஆமாம்தான். இந்த பாட்டிலுக்கான ஆமாம் இல்லை. அதனால் மொத்தமாக வாங்கும்போது தொகுதி எண்ணோடு பில் வாங்குங்க, ஒரு பாட்டிலைப் பிரிக்காமல் எடுத்து வைங்க. பிரச்சினை வந்தால் பரிசோதனைக்கு அனுப்ப அதுதான் ஆதாரம்.

பக்கத்து வீட்டு அக்கா காய்ச்சிக் கொடுக்கும் பஞ்சகவ்யத்துக்கும் சான்றிதழ் கேட்கணுமா என்று ஒருவர் கேட்டார். வேண்டியதில்லை. அவர் மாட்டுக் கொட்டகையை நாம் தினமும் பார்க்கிறோம். உங்கள் வயல் சான்று பெற்றதென்றால், வாங்கும் முன் உங்கள் சான்று நிறுவனத்திடம் கேட்டுக்கொண்டு, வாங்கியதைப் பதிவேட்டில் எழுதி வைங்க. கண்ணால் பார்க்க முடியாத தூரத்திலிருந்து வரும் சரக்குக்குத்தான் சான்றிதழ் தேவை. அந்தத் தாளும் அதே தூரத்திலிருந்துதானே வருகிறது, அதை மட்டும் கேட்காமல் நம்புவது எப்படிச் சரி?

என் கோரிக்கை இரண்டு. ஒவ்வொரு குழுவிலும் இதற்கென ஒருவரைப் பொறுப்பாக்குங்க. கேட்ட தேதி, வந்த பதில், சான்று முடியும் தேதி மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும், ஆண்டுக்கு ஒருமுறை திரும்பக் கேட்கட்டும். அடுத்தது நம் இயக்கத்துக்கு. நம் சந்தைகளில் கடை போடும் இடுபொருள் கம்பெனிகளும், இந்த இதழில் விளம்பரம் தருபவர்களும் சான்றிதழ் நகல் கொடுத்தால் மட்டும் போதாது. அதை வழங்கிய நிறுவனத்திடமிருந்து நமக்கு நேராக வந்த பதில் கோப்பில் இருந்த பிறகே இடம் கொடுக்க வேண்டும். நேர்மையான கம்பெனிக்கு இதில் நஷ்டம் எதுவும் இல்லை. எங்கள் பத்து நாள் வேலைக்கு ஆன செலவு ஒரு மின்னஞ்சலும் இரண்டு போன்களும்தான்.